சேனல் உத்திரம் ஏன் முறுக்கிக்கொள்கிறது?

‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற எஃகுச் சேனலில், செங்குத்துச் சுமையை நடுத்தகடு வெட்டுவிசையாகத் தாங்குகிறது. மேல், கீழ் விளிம்புத்தகடுகளிலும் கிடைமட்டமாக, எதிரெதிர்த் திசைகளில் வெட்டுவிசை ஓடுகிறது. இந்த இணை உத்திரத்தைத் திருப்பப் பார்க்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால், மொத்த விசை நடுத்தகட்டின் முதுகுப்புறத்தில், எஃகே இல்லாத வெற்றிடத்தில் செல்கிறது. வியப்பான அந்த இடமே வெட்டுமையம்.

மையக்கோட்டு உயரம் 200, விளிம்பு 75 மில்லிமீட்டர், தடிமன் சீரானது எனில், அது நடுத்தகட்டிலிருந்து சுமார் 26 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே நடுத்தகட்டின் மேலேயே 10 கிலோநியூட்டன் வைத்தாலும் 260 நியூட்டன்-மீட்டர் முறுக்கம் எழுகிறது. திறந்த வடிவம் முறுக்கத்தை எதிர்ப்பதில் மிகப் பலவீனமானது. விளிம்புகளின் நுனிப்பக்கம் தாழ்வதே அதன் அடையாளம். முதுகில் தாங்கி பற்றவைத்து, 26 மில்லிமீட்டர் தள்ளிச் சுமையேற்றினால் உத்திரம் முறுக்காமல் வளையும்.