பாங்கோர் பயணக் கணக்கு: முப்பதிலிருந்து மூன்றுக்கு

தெலுக் இந்தானில் வேன் எடுத்து, சித்தியவான் வழியாக லூமுட் சென்று, படகில் பாங்கோர் தீவுக்குப் போய் ஓரிரவு தங்கி வருவது பேரா மாணவர்களுக்குப் பழக்கமான விடுமுறைதான். போகும்போது யார் எதற்குப் பணம் கட்டுகிறார் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஊர் திரும்பிச் சாய்ந்த கோபுரத்தருகே இறங்கும்போதுதான் “நான் உனக்கு எவ்வளவு தரணும்?” என்ற கேள்வி எழும். ஆறு பேர் ஆறு விதமாகக் கணக்குச் சொல்வார்கள். ஓர் எளிய அட்டவணை இருந்தால் இதைத் தீர்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக ஓர் ஆறு பேர் பயணத்தைப் பார்ப்போம். பெயருக்குப் பதில் முதல் ஆறு உயிரெழுத்துகளை வைத்துக்கொள்வோம். ‘அ’ தங்கும் அறைக்கு 160 ரிங்கிட் கட்டினார். ‘ஆ’ வேன் வாடகை 150, ‘இ’ படகும் தீவுக்குள் போக்குவரத்தும் 100, ‘ஈ’ இரவுச் சாப்பாடு 80, ‘உ’ பெட்ரோல் 60, ‘ஊ’ காலைப் பசியாறல் 50. மொத்தம் 600. ஆளுக்கு 100.

ஒவ்வொரு செலவையும் தனித்தனியே திருப்பிக் கொடுத்தால், ஒரு செலவுக்கு ஐந்து பேர் வீதம் முப்பது முறை பணம் கைமாறும். இருவருக்கிடையே உள்ளதைக் கழித்துக்கொண்டாலும் பதினைந்து முறை. இதில் வேடிக்கை என்னவென்றால், தம் பங்கான 100 ரிங்கிட்டைச் சரியாகக் கட்டிவிட்ட ‘இ’கூட ஐந்து பேரிடமும் 8 ரிங்கிட் 33 சென், 6 ரிங்கிட் 67 சென் என்று வாங்கியும் கொடுத்தும் அலைய வேண்டும்!

ஆகவே, யார் யாருக்குக் கடன் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். கட்டிய தொகையிலிருந்து பங்கைக் கழித்து மீதியை மட்டும் எழுதுங்கள்.

| ஆள் | கட்டியது | பங்கு | மீதி |
|---|---|---|---|
| அ | 160 | 100 | +60 |
| ஆ | 150 | 100 | +50 |
| இ | 100 | 100 | 0 |
| ஈ | 80 | 100 | −20 |
| உ | 60 | 100 | −40 |
| ஊ | 50 | 100 | −50 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக்கூடாது.

இனி, அதிகம் தர வேண்டியவர் அதிகம் பெற வேண்டியவருக்குக் கொடுப்பது பலரும் செய்யும் வழி. ‘ஊ’ 50 ரிங்கிட்டை ‘அ’வுக்குக் கொடுக்கிறார், ‘அ’வுக்கு இன்னும் 10 வர வேண்டும். ‘உ’ 40 ரிங்கிட்டை ‘ஆ’வுக்குக் கொடுக்கிறார், அங்கும் 10 பாக்கி. ‘ஈ’ தம் 20 ரிங்கிட்டை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் தருகிறார். ஆக நான்கு முறை. இந்த வழியில் ஒவ்வொரு முறையும் ஒருவருடைய கணக்காவது தீரும், கடைசி முறையில் இருவர் கணக்கும் தீரும். ஆகவே, ஐந்து பேருக்கு நான்குக்கு மேல் ஒருபோதும் போகாது.

ஆனால் அதையும் குறைக்கலாம். அட்டவணையைச் சற்று உற்றுப் பாருங்கள். ‘ஆ’வும் ‘ஊ’வும் +50, −50. அவர்கள் இருவரே ஒரு தனிக் குழு. எஞ்சிய ‘அ’, ‘ஈ’, ‘உ’ மூவரின் மீதியும் பூச்சியமாகிறது. ‘ஊ’ 50 ரிங்கிட்டை ‘ஆ’வுக்கும், ‘உ’ 40, ‘ஈ’ 20 ரிங்கிட்டை ‘அ’வுக்கும் கொடுத்தால் மூன்றே முறையில் முடிந்தது. பூச்சியமாகும் குழு ஒன்று கூடினால் கைமாற்றம் ஒன்று குறைகிறது. ஆறேழு பேருக்குக் கண்ணாலேயே இக்குழுக்களைக் கண்டுபிடித்துவிடலாம். நாற்பது பேர் போன பேருந்துப் பயணத்திற்குச் சேர்க்கைகள் பெருகிவிடும். கணினிக்கும் அது கடினமான கணக்கே. அங்கே முதல் வழியே போதும்.

சைவ உணவுக்காரரான ‘உ’ இரவுச் சாப்பாட்டில் சேரவில்லை என்றால் அந்த 80 ரிங்கிட்டை ஐவருக்கு மட்டும் 16 வீதம் பங்கிட வேண்டும். பங்குப் பத்தி மாறும், சென் புகும், அழகான குழுக்களும் உடைந்துவிடும். அப்போது அனைவரும் ஒப்புக்கொண்டு மீதியை முழு ரிங்கிட்டாக்கினால் குழுக்கள் சில நேரம் திரும்பக் கிடைக்கும். மீதிகளின் கூட்டுத்தொகை பூச்சியம்தானா என்று மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை அட்டவணை சொல்லாது. பதினைந்து முறை கொடுக்கும்போது ‘ஊ’ ஒருவர் தாமதித்தால் ஐவருக்கும் சிறுசிறு தொகைதான் நிற்கும். மூன்று முறையில் முடிக்கும்போது ‘ஆ’வின் 50 ரிங்கிட் முழுவதும் ‘ஊ’வின் கையில் இருக்கிறது. ‘ஊ’வுக்கு இந்தப் பருவத்தின் பிடிபிடிஎன் பணம் இன்னும் வரவில்லையென்றால், வேன் வாடகையைக் கட்டிய ஒருவரே முழுச் சுமையையும் தாங்குவார். அப்படித் தெரிந்தால் மூன்றைவிட நான்கு முறையே நியாயம் என்பது என் கருத்து. ‘ஊ’ கொடுப்பதை ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் பிரித்து வைத்து, கையில் பணமுள்ள ‘உ’வை முதலில் ‘ஆ’வுக்குக் கொடுக்கச் சொல்லலாம். இடையில் யாராவது பணம் கொடுத்துவிட்டால் அதையும் அட்டவணையில் ஏற்றுங்கள்: கொடுத்தவரின் மீதியில் கூட்டி, வாங்கியவரின் மீதியில் கழிக்க வேண்டும்.