முறைகாரர் இல்லாத திருவிழா

யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஆண்டுத் திருவிழா 25 நாள் நடக்கும். ஆடி அமாவாசையன்று சுவாமி கீரிமலைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவதோடு அது நிறைவுபெறும். தகப்பனை இழந்தவர்கள் அதே நாளில் அதே கீரிமலையில் பிதிர்க்கடன் கழிப்பார்கள். ஊர்க்காரருக்கு இவை இரண்டும் வேறுவேறு காரியங்கள் இல்லை. முருகன் நீராடும் நாளில்தான் செத்துப்போன அப்பாவுக்கும் எள்ளும் தண்ணீரும் போகும்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றியிருந்த கிராமங்கள் இராணுவத்தின் பிடிக்குள் போய், உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. கீரிமலை நகுலேசுவரம் குண்டுவீச்சில் சிதைந்தது. சனங்கள் வெகுதூரம் போய்விடவில்லை. பலர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில், தங்கள் வீட்டிலிருந்து சில மைல் தள்ளித்தான் இருந்தார்கள். அந்தச் சில மைலைக் கடக்கப் பலருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. சிலர் இன்னும் கடக்கவில்லை.

கோவில் வாழ்க்கைக்கு அந்த இடைவெளி என்ன செய்தது என்று பார்க்க, ஈழத்துக் கிராமக் கோவில் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு குறிச்சிக்கோ, ஒரு தொழில் செய்வோருக்கோ உரியது. அந்த நாளின் பூசைச் செலவு, மேளம், சாத்துப்படி, பிரசாதம் எல்லாம் அவர்களின் உபயம். இந்த முறை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். பெரும்பாலும் அதற்கு எழுத்து இருக்காது. ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஊர் கலைந்தால் அந்த ஏடும் கலைந்துபோகும்.

கல்லாலான மூலமூர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் எழுப்பி, சிறியதோர் ஆலயத்தில் தற்காலிகமாக வைப்பதற்கு ஆகமத்தில் பாலஸ்தாபனம் என்ற வழி உண்டு. ஆனால் அது திருப்பணிக்காக, நாள் பார்த்து, குருக்கள் கருவறையில் நின்று செய்யும் கிரியை. ஷெல் விழும்போது அதற்கு நேரமில்லை. ஆகவே சுவாமி அங்கேயே, பூசையில்லாமல், விளக்கில்லாமல் நின்றார். இடம்பெயர்ந்த பல முதியவர்களை வீடு போனதைவிட அதிகமாக வருத்தியது இதுதான்.

முகாமில் மரத்தடியில் ஒரு பிள்ளையார் வந்தார், ஒரு சூலம் நட்டார்கள், சுவாமிப் படம் வைத்துக் கொட்டில் போட்டார்கள். இந்தப் புதுக் கோவில்களில் பரம்பரை முறை யாருக்கும் இல்லை. அரிசி கொண்டுவந்தவர் பொங்கினார், பொங்கினவர் படைத்தார். 1968-இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் கண்ட கோவில் மாவிட்டபுரம். அதை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் கனம் புரியும். முகாமுக்குள் சாதி செத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கோவில் வாசலில் அதற்கு இருந்த பழைய உரிமைப்பத்திரம் மட்டும் அங்கே செல்லாக்காசாகியது.

கத்தோலிக்கக் கிராமங்களின் கதை வேறு. பங்கு என்பது முதலில் ஆட்கள். கட்டடம் அதற்குப் பிறகு. சுவாமியார் சனத்தோடு நடந்தால் பங்கும் நடக்கும். திருச்சொரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். மரநிழலில் மேசை போட்டுப் பூசை வைக்கலாம்.

மன்னார் மடு மாதாவைப் பாருங்கள். அந்தத் திருத்தலமே ஓர் இடப்பெயர்வில் பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, மாந்தையில் இருந்த குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஒதுங்கின. 1990-களில் அதே காடு ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு இடமாயிற்று. 1999 நவம்பரில் ஆலய வளவுக்குள் ஷெல் விழுந்து, தஞ்சமிருந்தவர்களில் நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியதும் குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு மாதா மீண்டும் அகதியானாள். ஆகஸ்டில் அவள் மடுவுக்குத் திரும்பினாள்.

திரும்பிய பிறகு நடந்ததுதான் என்னை நெடுநாள் உறுத்துகிறது. 2009 ஆகஸ்ட் பெருவிழாவுக்குத் தெற்கிலிருந்து சிங்களக் கத்தோலிக்கர் உட்பட லட்சக்கணக்கானோர் வந்தார்கள். அது அவர்களுக்கும் உரிய தலம். அவர்கள் வந்தது நல்லதே. ஆனால் சில மாதம் முன்புவரை மாதாவோடு ஷெல்லடிக்குள் கிடந்த வன்னிச் சனங்கள் அந்த நேரம் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தார்கள். சொரூபம் வீடு திரும்பிவிட்டது. அதைச் சுமந்தவர்கள் இன்னும் திரும்பவில்லை.

கோவிலோ தேவாலயமோ காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இந்தப் போரில் அடிபட்டது. 1995 ஜூலையில், தாக்குதலுக்கு முன் வழிபாட்டிடங்களில் தங்குமாறு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அப்படித் தங்கியவர்கள்மேல் ஜூலை 9-இல் நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 30-இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வழியில் கோவில்களும் தேவாலயங்களும் மறுபடி நிரம்பின. நம்பிக்கை முறிந்ததாலா, போக வேறு இடம் இல்லாததாலா என்று அந்த இரவில் யாரும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நேர்த்திக்கடனும் இடையில் தொங்கியது. பிள்ளை பிழைத்தால் ஊர் அம்மனுக்குப் பொங்குவேன் என்று நேர்ந்தவள், மஞ்சள் துணியில் காசை முடிந்து வைத்தாள். ஊருக்குப் போகமுடியாதபோது அந்த முடிச்சு முகாம்விட்டு முகாம் போனது. முகாம்க் கோவிலில் அதைச் செலுத்தலாமா என்பது சின்னக் கேள்வியாகத் தெரியும். நேர்ந்தது அந்த ஊர் அம்மனிடம் அல்லவா? சிலர் செலுத்தினார்கள். சிலர் அவிழ்க்காமலே வைத்திருந்தார்கள்.

காணிகள் துண்டு துண்டாக விடுபடத் தொடங்கியதும் கோவில்கள் எழுந்தன. 2012-இல் நகுலேசுவரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுபட்டது. பல ஊர்களில் வீடு கட்டிமுடியும் முன்பே கோபுரம் எழும்பியது. லண்டன், டொரண்டோ, பாரிஸ் காசு அது. இதைப் பழிப்பவர்கள் உண்டு. ஆனால் எல்லைக்கல் பிடுங்கப்பட்டு, வேலிகள் அழிந்து, புல்டோசர் நிரவிய நிலத்தில், இது எங்கள் ஊர் என்று நின்று சொல்லக் கோவில்தான் முதல் அடையாளமாக இருந்தது. அதனால் முதல் கல் அங்கே விழுந்ததில் எனக்கு வியப்பில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முறைகாரர் வெளிநாட்டில். அவர்கள் அனுப்பும் காசில் உபயம் நடக்கிறது. சுவாமியைத் தோளில் தூக்க இளைஞர் இல்லை. அந்த நாள் எங்களுடையது என்று இரண்டு குடும்பம் கேட்டால், தீர்த்துவைக்கத் தெரிந்த கிழவர் முகாமில் செத்துப்போயிருப்பார். முகாமில் ஒன்றாகப் பொங்கியவர்களில் சிலருக்கு, மீண்ட கோவிலில் பழைய இடமே காட்டப்படுகிறது. 2018-இல் தென்மராட்சி வரணியில் ஓர் அம்மன் கோவில் தேரை மண்வெட்டும் இயந்திரத்தால் இழுத்தார்கள். இழுக்க ஆள் போதாது என்றது நிர்வாகம். ஒடுக்கப்பட்ட சாதியார் வடம் தொடக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்தார்கள் என்றனர் மற்றவர்கள். ஆள் குறைந்ததும் உண்மை, வடம் பிடிக்க ஆசைப்பட்டவர்கள் ஊரிலேயே இருந்ததும் உண்மை. போர் ஆட்களைக் கொண்டுபோன பிறகும், யார் ஆள் என்ற பழைய கணக்கை ஊர் விடவில்லை என்பதே இதில் எனக்குத் தெரிகிறது.

வழி தெரியாமல் இல்லை. முகாமில் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது: வந்தவருக்கு வேலை உண்டு. மீண்டு வரும் கோவில்கள் உபயப் பட்டியலை எழுத்தில் வைத்து, முறைகாரர் வராத நாள்களை ஊரில் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் திறந்துவிடலாம். தோள்கொடுப்பவர் தட்டுப்பாடு அன்றைக்கே பாதி தீரும். அப்படிச் செய்ய ஆகமம் குறுக்கே நிற்பதில்லை. நிர்வாக சபைதான் நிற்கிறது.