தையல் கடையை மூடுமுன் ஒரு வார்த்தை

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது. தையல் கடைகளில் வேலை குறைந்திருக்கும் அந்த நாட்களில்தான் தரையைப் பெயர்க்கவும் ஒயரிங் மாற்றவும் கடைக்காரர்கள் துணிவார்கள். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாண பிளவுஸ்கள் குவியும். அப்புறம் கடையை மூட முடியாது.

மூடுவதற்கு முதல் நாள் முகநூலில் ஒரு வரி போடுவார்கள்: ‘நாளை முதல் புதுப்பிக்கும் பணி. விரைவில் சந்திப்போம்.’ பல வருடமாக அங்கேயே தைப்பவருக்கு இதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைக்கும். கொடுத்த பட்டுத் துணி உள்ளே இருக்கிறது. கச்சிதமாகப் பொருந்தும் ஒரே அளவு பிளவுஸும் அங்கேதான். கடையை விற்றுவிட்டார்களோ என்ற சந்தேகம் வேறு.

‘நாளை’ என்ற சொல்லே அங்கே ஆபத்து. முகநூலில் பதிவுகள் போட்ட வரிசையில் கண்ணில் படுவதில்லை. செவ்வாய்க்கிழமை எழுதியதை ஒருவர் வெள்ளிக்கிழமை பார்த்தால், அவருடைய ‘நாளை’ சனிக்கிழமை.

அதையே இப்படி எழுதலாம்:

‘2026 ஜூலை 20, திங்கள் முதல் கடையில் தரை, மின்சார வேலை நடக்கிறது. ஆகஸ்ட் 10, திங்கள் காலை 10 மணிக்கு இதே இடத்தில் திறக்கிறோம். தைத்து முடித்த துணிகளை ஜூலை 18 இரவு 8 மணிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். தைக்காத துணியும் அளவுத் துணியும் உரிமையாளர் வீட்டில் பத்திரமாக இருக்கும். இடையில் அவசரம் என்றால் கடையின் பழைய எண்ணிலேயே கூப்பிடலாம். மாஸ்டரும் தையல்காரர்களும் அதே ஆட்கள்தான்.’

‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ என்று பத்து முறை எழுதினாலும் வராத நிம்மதி, துணி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது.

திறக்கும் தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொத்தனார் பதினைந்து நாள் என்பார். ஆனால் தரைக்குப் போட்ட சிமென்ட் இறுகவேண்டும், டைல்ஸ் ஒட்டிய பிறகு அதன்மேல் கனமான மிஷினை உடனே ஏற்றக்கூடாது, பெயின்ட் காயவேண்டும். மழை வந்தால் இவை எல்லாம் தள்ளிப்போகும். அதனால்தான் மேலே உள்ள அறிவிப்பில் மூன்று வாரம் இருக்கிறது. முன்னதாகத் திறந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆகஸ்ட் 10 அன்று பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் அடுத்த பிளவுஸை வேறு கடையில் கொடுத்துவிடுவார்.

தேதி தள்ளிப்போனால் பழைய பதிவிலேயே அதைத் திருத்தவேண்டும். புதிதாக இன்னொரு பதிவும் போடவேண்டும். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களிடம் பழைய தேதிதான் சுற்றிக்கொண்டிருக்கும். துணி கொடுத்தவர்களுக்கு நேரில் போன் செய்வதே சரி. பில் புத்தகத்தில் எண்கள் இருக்கின்றன.

கூகுள் மேப்பில் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று குறித்திருந்தால், திறக்கும் காலையில் அதை நீக்க மறக்கக்கூடாது. வெளியூரிலிருந்து தேடி வருபவர் அதைப் பார்த்துத்தான் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.