அறைக்குள் இருந்தும் அறையை இழந்தோம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மேல் மாடியில், குழுவாக இருந்து படிப்பதற்கென ஆறு சிறிய அறைகள் இருக்கின்றன. வாய்விட்டுப் பேசிப் படிக்க நூலகத்தில் வேறு இடம் இல்லை. அதனால் பரீட்சைக் காலத்தில் இவற்றுக்குப் பெரும் போட்டி. இணையத்தில் முன்பதிவு செய்தே பெற வேண்டும்.

முதலாம் வருடத்தில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் 2.00 முதல் 4.00 வரை ஓர் அறையைப் பதிந்திருந்தேன். மறுநாள் எங்கள் குழு ஒப்படையை விரிவுரையாளர் முன் விளக்க வேண்டும். லுஹர் தொழுதுவிட்டு, 1.55க்கே நண்பிகள் நால்வரும் அறைக்குள் போய் அமர்ந்துவிட்டோம். 2.20க்குக் கதவு தட்டப்பட்டது.

"ராத்தா, இந்த நேரம் எங்களுக்குக் கிடைச்சிருக்கு" என்று ஒரு மாணவி தன் கையடக்கத் தொலைபேசியைக் காட்டினாள். நூலகர் கணினியில் பார்த்தார். அறை அவர்களுடையதுதான். அன்று படிக்கட்டில் இருந்துதான் ஒத்திகை பார்த்தோம்.

எங்கே பிழைத்தது? நான் முன்பதிவை ஒரே செயல் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடுவும் உண்டு.

முதலாவது, உறுதிப்படுத்தல். இணையத்தில் நேரத்தைத் தெரிவுசெய்ததும் அது தற்காலிகமாகவே நம் பெயரில் நிற்கும். சற்று நேரத்தில் மின்னஞ்சல் ஒன்று வரும். அதிலுள்ள இணைப்பை இரண்டு மணித்தியாலத்துக்குள் அழுத்தினால்தான் பதிவு உறுதியாகும். உறுதியானதை எப்படி அறிவது? இரண்டாவதாக ஒரு மின்னஞ்சல் வரும். அதில் ஒரு குறியீட்டு இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் நம்மிடம் இல்லையென்றால் அறையும் நம்மிடம் இல்லை.

இதை நான் சரியாகச் செய்திருந்தேன். தவறவிட்டது இரண்டாவது படியை: வருகையைப் பதிதல். அறைக் கதவில் ஒட்டியுள்ள சதுரக் குறியீட்டைத் தொலைபேசியால் ஸ்கேன் செய்து, அந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். தொடக்க நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து இதைச் செய்யலாம். தொடக்க நேரத்திலிருந்து பதினைந்து நிமிடம் வரை விட்டுக்கொடுப்பார்கள். அதுவே சலுகை நேரம்.

அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று கணினிக்குத் தெரியாது. வருகை பதியப்பட்டதா, இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 2.15 ஆனதும், வருகை பதியப்படாத எங்கள் பதிவை அது தானாகவே நீக்கி, அந்த அறை காலியாக உள்ளதென இணையத்தில் காட்டியது. கீழே காத்திருந்த மாணவி உடனே அதைப் பதிந்துகொண்டாள். அவள் செய்ததில் எந்தத் தவறும் இல்லை.

இதைக் கேட்ட உம்மா, "ஓர் அறைக்கு இவ்வளவு சட்டம் என்னத்துக்கு மகள்?" என்றார். நூலகர் எனக்குச் சொன்ன விளக்கத்தையே அவருக்கும் சொன்னேன். சலுகை நேரம் இல்லாவிட்டால், பதிந்துவிட்டு வராமல் போனவரின் அறை இரண்டு மணித்தியாலமும் பூட்டியே கிடக்கும். அதை அரை மணித்தியாலமாக நீட்டினால், காத்திருப்பவருக்கு எஞ்சுவது ஒன்றரை மணித்தியாலமே. ஐந்து நிமிடமாகக் குறைத்தால், 2.00 மணிக்கு விரிவுரை முடிந்து மறு கட்டடத்திலிருந்து நடந்து வருபவரால் வந்து சேர முடியாது. பதினைந்து நிமிடம் இரு சாராருக்கும் இடைப்பட்ட கணக்கு.

பஸ் தாமதமானால் என்ன செய்வது? குறியீட்டு இலக்கத்தைப் பதிந்தவர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. குழுவில் முதலில் வருபவர் கொடுத்தாலும் போதும். ஆகவே உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. ஒருவராலும் வர முடியாதென்றால், தொடக்க நேரத்துக்கு முன்பே நாமாக ரத்துச் செய்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த இரண்டு மணித்தியாலமும் நமது அன்றைய பங்கில் திரும்பச் சேரும். கணினி தானாக விடுவித்தால் அவை பயன்படுத்தப்பட்டதாகவே கணக்கிடப்படும். அதனால்தான் அன்று காலியாக இருந்த இன்னோர் அறையையும் எங்களால் பதிய முடியவில்லை.

இந்த நிமிடக் கணக்குகள் எங்கள் நூலகத்துக்கு உரியவை. நூலகத்துக்கு நூலகம் அவை மாறும். வேறோர் இடத்தில் பதிபவர்கள் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். வருகையை எங்கே, எத்தனை மணிக்குள் பதிவது என்பது பெரும்பாலும் அதன் அடியில்தான் சிறிய எழுத்தில் இருக்கும். அன்று நான் வாசிக்காமல் விட்டதும் அந்த வரியைத்தான்.