ஏழு பெட்டி எங்கே போச்சு?

ஒரகடம் பக்கத்தில் ஒரு குடோன். விடிகாலை ஐந்து மணி. ஆறு மணிக்குப் பகல் ஷிஃப்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் ராத்திரி கிளம்பிய சரக்குக்குக் கணக்கு முடித்தாக வேண்டும். சூப்பர்வைசரின் மேஜையில் இரண்டு கணக்குகள். ஒன்று, லாரி வாசலில் ஆள் நின்று பெட்டிக்கு ஒரு கோடாகப் போட்டு, கூட்டி எழுதிய டிஸ்பாட்ச் ரெஜிஸ்டர். அதில் 412 பெட்டி. இன்னொன்று, கையடக்க ஸ்கேனர்கள் பதிந்ததைக் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கிய ஃபைல். அதில் 405.

"மெஷின் பொய் சொல்லாதுண்ணே. ரெஜிஸ்டர்ல அடிச்சு 405-ன்னு போட்டுடலாம்" என்றான் லோடிங் பையன்.

"போட்டா அந்த ஏழு பெட்டி குடோன்லயே இருக்கிறதா ஸ்டாக் காட்டும். அடுத்த வாரம் எண்ணிப் பார்க்கும்போது இருக்காது. அப்ப யாரைக் கேப்பாங்க?"

பையன் பதில் சொல்லவில்லை. நைட் ஷிஃப்ட்டைத்தான் கேட்பார்கள்.

லாரியைத் திறந்து எண்ணவும் வழியில்லை. ஐந்து வண்டியும் சீல் வைத்துப் போய்விட்டன. மூன்று மணிக்குக் கிளம்பிய பெங்களூரு வண்டி இந்நேரம் வாலாஜா டோலை நெருங்கியிருக்கும். ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு வண்டிவாரியாகப் பிரித்தார். ரெஜிஸ்டரில் 84, 72, 96, 80, 80. ஃபைலில் 84, 74, 87, 80, 80.

ஏழு என்பது உண்மையில் ஏழு இல்லை என்பது இங்கேதான் தெரிந்தது. இரண்டாவது வண்டியில் இரண்டு கூடுதல், மூன்றாவதில் ஒன்பது குறைவு. ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஏழாக நிற்கின்றன. 'ஏழு பெட்டியைக் காணோம்' என்று தேடக் கிளம்பியிருந்தால் விடிய விடியத் தேடியிருக்கலாம்.

கூடுதலைப் பிடிப்பது சுலபம். ஃபைலைப் பெட்டி எண் வரிசையில் அடுக்கினார்:

```
box_no,device,scan_time
B20418,HH02,01:22:41
B20418,HH02,01:22:44
```

ஒரே பெட்டி, ஒரே ஸ்கேனர், மூன்று விநாடி இடைவெளி. பீப் சத்தம் லாரி இரைச்சலில் கேட்காமல் போயிருக்கும். இன்னொரு தடவை அழுத்தியிருக்கிறார்கள். இதே மாதிரி இன்னொரு பெட்டியும் சிக்கியது. நல்ல மென்பொருளாக இருந்தால் ஏற்கெனவே பதிந்த எண்ணை அப்போதே மறுத்துக் கத்தும். இங்கே அந்த வசதி இல்லை.

குறைவுக்கு வேறு வழி. எந்தெந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்ற லோடிங் ஷீட்டை எடுத்து, மூன்றாவது வண்டியின் எண்களை ஒவ்வொன்றாக ஃபைலோடு ஒப்பிட்டார். இல்லாத ஒன்பதும் கடைசியில் ஏற்ற வேண்டியவை. அடுத்து ஃபைலை நேர வரிசையில் மாற்றினார். HH04 என்ற ஸ்கேனர் 2:31 வரை பதிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதன் பெயரே இல்லை.

அந்த ஸ்கேனர் சார்ஜரில்கூட இல்லை. டாக் ஓரத்தில் கையுறைகளுக்கு அடியில் கிடந்தது. திரையின் மூலையில் சின்னதாக `Pending: 9`.

மூடிய கன்டெய்னர் லாரியின் இரும்புச் சுவர் வைஃபை சிக்னலைப் பெருமளவு மறைத்துவிடும். ஸ்கேனர் உள்ளே போனதும் தொடர்பு அறுந்திருக்கிறது. பதிவுகளைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அனுப்பக் காத்திருந்தது. ஆனால் வெளியே வந்தபோது பேட்டரி தீரும் நிலை, ஸ்கேனர் தூங்கிவிட்டது. சார்ஜரில் செருகி வைஃபை பெட்டிக்குக் கீழே பிடித்ததும் ஒன்பது பதிவும் போய்ச் சேர்ந்தன. மறுபடி ஃபைலை இறக்கும்போது ஒரு கவனம் தேவைப்பட்டது. இந்த ஒன்பதும் ஸ்கேன் ஆனது 2:30-ஐ ஒட்டி, சர்வரை அடைந்தது 5:20-க்கு. சர்வர் நேரத்தை வைத்து வடிகட்டினால் பழைய ஃபைலின் நேர எல்லைக்குள் அவை வராது.

405-உம் 9-உம் 414. இரட்டைப் பதிவு இரண்டைக் கழித்தால் 412. அவர் ஃபைலில் எதையும் அழிக்கவில்லை. ரெஜிஸ்டரின் குறிப்புப் பத்தியில் அந்த இரண்டு பெட்டி எண்ணையும், HH04 தாமதமாக அனுப்பிய நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டேலி ஆகிவிட்டதே என்று பையன் எழுந்தான். சூப்பர்வைசர் விடவில்லை, டேலி ஆன மற்ற மூன்று வண்டிகளையும் லோடிங் ஷீட்டோடு எண் எண்ணாக ஒப்பிடச் சொன்னார். 80 பதிவில் ஒரு பெட்டி இரண்டு தடவை விழுந்து, வேறொரு பெட்டி ஸ்கேன் ஆகாமலே ஏறியிருந்தாலும் கூட்டல் 80-தான் வரும்.