பிடிக்க ஆள் இல்லாத குடை

ஈரானில் பெர்சபோலிஸ் என்ற பழைய தலைநகரின் இடிபாடுகளுக்கு நடுவே சில கல்வாசல்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் உட்பக்கத்தில் பாரசீகப் பேரரசர் நடந்துவரும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். கையில் கோலோடு அரசர் நெடிதுயர்ந்து வருகிறார். பின்னால் இரண்டு பணியாளர்கள், அவரைவிடச் சிறிதாக வடிக்கப்பட்டவர்கள். ஒருவர் நீண்ட காம்புள்ள குடையை அரசரின் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் சாமரத்தை ஏந்தியிருக்கிறார். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய சிற்பம் அது. சாமி புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி புதிதாகத் தெரியாது.

அதற்கும் முன்பே, கி.மு. 7ஆம் நூற்றாண்டில், அசீரிய அரசன் அசுர்பனிபால் தேரில் குடைநிழலில் நிற்பதை நினிவே நகரச் சிற்பங்கள் காட்டுகின்றன. அங்கேயும் அரசன் குடையைத் தொடவில்லை. பிடிப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறான். குடையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைக் கவனித்தால் போதும். நிழலில் நடப்பவர் ஒருவர், குடையைச் சுமப்பவர் வேறொருவர் என்றிருந்த காலம்தான் மிக நீண்டது. இருவரும் ஒரே ஆளாக மாறியபோதுதான் குடை மழைக்கானதாக ஆனது.

தமிழ் மூவேந்தர்களுக்கு வெண்கொற்றக்குடை இருந்தது. அது வெயிலை மறைக்கும் கருவி மட்டும் அல்ல என்பதைச் சங்கப் புலவர்களே சொல்லிவிட்டார்கள். புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனின் குடையைச் சுட்டிக்காட்டி, வெயிலுக்காகவா இதைப் பிடித்திருக்கிறாய் என்ற பொருளில் பேசுகிறார். வாடும் குடிகளுக்கு நிழல் தரவே அந்தக் குடை என்று நினைவூட்டி, உழவர்களைக் காப்பாற்றச் சொல்கிறார். தன் நிலத்துக்கான வரிப்பாக்கியை நீக்கவேண்டி அவர் பாடியது அது. சோழனும் நீக்கினான். ஓர் அரசனிடம் வரிக்குறைப்பு கேட்க அவனுடைய குடையையே சான்றாக எடுத்தார் என்றால், குடைக்கு அன்று எவ்வளவு பொருள் இருந்திருக்க வேண்டும்! தாய்லாந்தில் இன்றும் முடிசூடும் அரசருக்கு ஒன்பது அடுக்கு வெண்குடை உண்டு. முடிசூடாதவருக்கு அந்த ஒன்பது கிடையாது.

அந்தப் பெருமைக்கு ஒரு கொடுமையான மறுபக்கமும் உண்டு. குடை உயர்வின் அடையாளம் என்றால், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் அதைப் பிடிக்கக் கூடாது என்றாகிவிடுகிறது. தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் நாடார்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன்நகை போடக் கூடாது என்று தடை இருந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுக்கு இரண்டு முறை கொட்டும் மண் அது. அந்த மழையில் நனைந்தே போக வேண்டும் என்பது மனிதர் போட்ட சட்டம். வயலில் வேலை செய்தவர்களுக்குச் சாக்கை மடித்துத் தலையில் போடும் கொங்காணிதான் மழைத்துணை.

மழைக்கும் குடை உதவும் என்பது உலகுக்குத் தெரியாமல் இல்லை. சீனர்கள் மூங்கில் சட்டத்தில் எண்ணெய் ஊட்டிய காகிதத்தை ஒட்டி மழையைத் தடுத்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் துணிக்குடை வந்த வழி வேறு. அது ஐரோப்பாவில், குறிப்பாக 18ஆம் நூற்றாண்டு லண்டனில், பெரும் தயக்கத்தோடு தொடங்கியது.

இத்தாலியில் 1600களின் தொடக்கத்திலேயே வெயிலுக்குக் குடை பிடிப்பதை ஆங்கிலப் பயணி தாமஸ் கொரியட் பார்த்து எழுதியிருக்கிறார். பாரிஸில் பை செய்யும் தொழிலாளியான ழான் மாரியுஸ் மடக்கிப் பையில் வைக்கும் குடையை உருவாக்கி, 1710இல் அதற்கு அரச உரிமை பெற்றார். 1752இல் பாரிஸிலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதிய ஜேம்ஸ் வுல்ஃப் என்ற இளம் ஆங்கில ராணுவ அதிகாரி, இங்கே வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கிறார்கள், இவ்வளவு பயனுள்ள வழக்கம் இங்கிலாந்துக்கு ஏன் வரவில்லை என்று வியந்தார்.

அவர் வியந்ததில் நியாயம் உண்டு. மழைக்குப் பெயர்போன லண்டனில் அப்போது சில பெண்கள்தான் குடை வைத்திருந்தார்கள். காபிக் கடைகளின் வாசலில் பெரிய குடை ஒன்று இருக்கும். மழை பெய்தால் வாடிக்கையாளரை வண்டிவரை கொண்டுபோய் விட அது உதவும். தேவாலயங்கள் கல்லறையில் மழையில் நின்று ஜெபிக்கும் பாதிரியாருக்காக ஒரு குடை வாங்கி வைத்தன. அவை எல்லாம் இடத்துக்குச் சொந்தமான குடைகள். ஓர் ஆண் தனக்கென்று ஒரு குடையைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் போவது வழக்கத்தில் இல்லை.

ஜோனாஸ் ஹான்வே அதைச் செய்தார். 1712இல் பிறந்த அவர் வணிகர். 1743இல் ரஷ்யா வழியாகப் பாரசீகத்துக்குச் சரக்கோடு போய், வழியில் கொள்ளையர் கையில் சிக்கிப் பிழைத்து, 1750இல் லண்டன் திரும்பினார். பிறகு ஆதரவற்ற குழந்தைகளுக்காகவும் ஏழைச் சிறுவர்களைக் கடற்பணிக்குப் பயிற்றுவிப்பதற்காகவும் உழைத்தார். முகத்தையும் பொய்முடியையும் மழையிலிருந்து காக்க அவர் குடை பிடித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ப்யூ குறிப்பிடுகிறார். மாவு பூசிச் சுருட்டிய அந்தப் பொய்முடி நனைந்தால் குழைந்து தொங்கிவிடும்.

தெருவில் அவரைக் கேலி செய்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் வாடகைக் குதிரைவண்டிக்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும்தான். அவர்களுக்கு மழைநாள்தான் வருமான நாள். ஆளாளுக்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் வண்டியைக் கூப்பிட யார் இருப்பார்கள்? மற்றவர்களின் ஏளனத்துக்குக் காரணம் வேறு. கையில் குடை இருந்தால் சொந்த வண்டி இல்லை என்று பொருள். அதோடு குடை பிரெஞ்சுப் பழக்கம், பெண்களின் பொருள் என்ற எண்ணமும் இருந்தது. பணக்காரர்களிடம் வேலை பார்த்த ஜான் மெக்டொனால்ட் 1778இல் ஸ்பெயினிலிருந்து வாங்கிவந்த பட்டுக்குடையோடு லண்டன் தெருவில் போனபோது, பிரெஞ்சுக்காரா, வண்டி பிடிக்க வேண்டியதுதானே என்று கத்தினார்கள். மூன்று மாதம் விடாமல் பிடித்தபிறகு யாரும் பொருட்படுத்தவில்லை என்று அவர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1786இல் ஹான்வே இறந்தபோது லண்டனில் ஆண்கள் குடையோடு நடப்பது பழகிப்போயிருந்தது.

ஆனால் மனிதர்கள் பழகிவிட்டாலும் குடை இன்னும் மழைக்குப் பழகவில்லை. நிழற்குடையிடம் எதிர்பார்ப்பது குறைவு. தைத்த இடத்தில் ஓட்டை இருந்தாலும் நிழல் விழும். கனமாக இருந்தால் சுமப்பவர் பாடு. ஊர்வலம் முடியும்வரை மடக்கவே வேண்டாம். மழைக்குடை அப்படி இல்லை. ஒரே கையில் திறக்க வேண்டும், பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், வீட்டுக்குள் போனதும் ஈரத்தோடு மடக்க வேண்டும், அடுத்த நாள் மறுபடி திறக்க வேண்டும்.

ஒரு குடையை விரித்து உட்பக்கத்தைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். பெரும்பாலான குடைகளில் உச்சியிலிருந்து எட்டுக் கம்பிகள் இறங்குகின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குட்டைக் கம்பி வந்து இணைகிறது. குட்டைக் கம்பிகளின் அடிமுனைகள் எல்லாம் தண்டில் ஏறி இறங்கும் ஒரு குழலில் கட்டப்பட்டிருக்கின்றன. குழலை மேலே தள்ளினால் அவை நீண்ட கம்பிகளை வெளியே தள்ளும், துணி இழுபடும், கம்பிகள் வில்போல வளையும். கம்பி நிமிரப் பார்க்கிறது, துணி அதை விடாமல் பிடிக்கிறது. இந்த இழுபறிதான் குடையை விறைப்பாக வைக்கிறது. துணி விறைப்பாக இருந்தால் விழுந்த நீர் வழிந்தோடும். தொய்ந்தால் குழிவிழுந்த இடத்தில் தேங்கி ஒழுகும்.

ஆகவே நனைந்தாலும் வில்தன்மை போகாத கம்பி வேண்டும். ஹான்வே காலத்தில் அது இல்லை. திமிங்கிலத்தின் வாயில் பற்களுக்குப் பதிலாகத் தொங்கும் தகடுகளைக் கீறி எடுத்த பட்டைகளைத்தான் கம்பியாகப் போட்டார்கள். மலிவான குடைக்குப் பிரம்பு. திமிங்கிலப் பட்டை நனைந்து நனைந்து தளர்ந்துபோகும்; சரியாக உலர்த்தாவிட்டால் வெடிக்கும். துணியும் தொல்லைதான். பட்டுக்கோ பருத்திக்கோ எண்ணெய் ஊட்டி நீர் புகாமல் செய்தார்கள். ஈரத்தோடு மடக்கி வைத்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மடிப்பு வழியே கிழியும். இத்தனையும் சேர்ந்து கனமும் அதிகம்.

இதைத் தீர்த்தது இரும்புத்தொழில். சாமுவேல் ஃபாக்ஸ் கம்பி இழுக்கும் தொழில் கற்றவர். 1842இல் ஷெஃபீல்டுக்கு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊரில் ஆலை தொடங்கினார். எஃகுக் கம்பியைக் குடைக்குப் போடுவது அவருக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் உருண்டைக் கம்பி விறைப்பாக இருக்க வேண்டுமானால் தடிமனாக இருக்க வேண்டும், தடித்தால் கனக்கும். 1852இல் ஃபாக்ஸ் கண்ட வழி எளிமையானது. மெல்லிய எஃகை நடுவில் பள்ளம் விழும்படி வளைத்து, நீர் ஓடும் வாய்க்கால்போல நீள நெடுகச் செய்தார். ஒரு தாளை அப்படியே நீட்டினால் தொங்கிவிடும். நீளவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். அதே காரணத்தால் அவருடைய கம்பி குறைந்த எஃகில் கூடுதல் விறைப்பைத் தந்தது, வளைத்து விட்டால் நிமிரவும் செய்தது. அதே காலத்தில் லண்டன் குடை வணிகர் வில்லியம் சாங்ஸ்டரின் நிறுவனம் எண்ணெய்த் துணிக்குப் பதிலாகப் பெரு நாட்டு அல்பாகாவின் ரோமத் துணியைக் கொண்டுவந்தது. கடைகளில் இன்று விற்கும் குடையைத் திருப்பிப் பாருங்கள். கம்பியில் அந்தப் பள்ளம் பெரும்பாலும் இருக்கும்.

எஃகுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நீண்ட கம்பியும் குட்டைக் கம்பியும் சேரும் மூட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். காற்று அடியில் புகுந்து குடையைப் பின்பக்கமாகப் புரட்டும்போது பெரும்பாலும் அந்த மூட்டுதான் முதலில் போகும். மழைக்காலத் தொடக்கத்தில் நம் ஊர் நடைபாதைகளில் உட்காரும் குடை ரிப்பேர்காரர்களுக்கு அதுவே முக்கியமான வேலை. ஈரக்குடையை மடக்கி வைக்காமல் விரித்து உலர்த்தினால் அந்த மூட்டு பல ஆண்டு தாங்கும்.

கையைப் பற்றிய கேள்வி மட்டும் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் ஹௌப்ட் முதல் உலகப் போரில் காயம்பட்டவர். நடக்க ஊன்றுகோல் தேவைப்பட்டதால் நீளக்குடையையும் சேர்த்துத் தூக்குவது அவருக்குச் சிரமம். 1920களின் இறுதியில் அவர் தண்டையும் கம்பிகளையும் துண்டு துண்டாக மடங்கச் செய்து, சட்டைப்பையில் போகும் குடையை உருவாக்கினார். இன்றைய மூன்று மடிப்புக் குடைகள் அந்த வழியில் வந்தவை. அளவு குறையக் குறைய மூட்டுகள் கூடுகின்றன. காற்றுக்கு அவை எளிதில் தோற்பதும் அதனால்தான். அப்படி ஒரு குடை வாங்கும்போது அதை விரித்து, ஒரு கம்பியின் முனையைப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கலாம். மூட்டு கடகடவென்று ஆடினால் அது முதல் பெருங்காற்றையே தாங்காது.