பொய் போன் காட்டும் உண்மைப் பிழைகள்

மருந்துக்கடை ஒன்றின் டெலிவரி செயலியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் டாக்டரின் சீட்டைப் படம் பிடித்து அனுப்புவார். மருந்தைக் கொண்டுவரும் பையன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியாக நகரும். செயலியை எழுதியவரின் மேசையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அவரிடம் இருப்பது புது போன், வேகமான வைஃபை, எந்நேரமும் செருகியிருக்கும் சார்ஜர். டெலிவரி பையனிடம் இருப்பது ஐந்து வருடப் பழைய போன், வந்து வந்து போகும் சிக்னல், 12 சதவீத பேட்டரி. இரண்டாவது போனின் நிலைமையை முதல் மேசையிலேயே உருவாக்கிப் பார்க்கத்தான் ஆண்ட்ராய்டு எமுலேட்டர்.

எமுலேட்டர் என்பது கணினிக்குள் ஓடும் ஒரு போன். அதில் ஓடும் ஆண்ட்ராய்டு அசல். அதற்குக் கிடைக்கும் சிக்னல், பேட்டரி அளவு, இருப்பிடம் ஆகியவை மட்டும் நாம் கொடுக்கும் பொய்த் தகவல்கள். அந்தப் பொய்யை நம்பி ஆண்ட்ராய்டு எடுக்கும் முடிவுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எந்தெந்தப் பதிப்புகள்?

ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏபிஐ எண் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 10 என்றால் ஏபிஐ 29, ஆண்ட்ராய்டு 11 என்றால் 30, ஆண்ட்ராய்டு 14 என்றால் 34. எல்லா எண்ணுக்கும் ஒரு எமுலேட்டர் செய்து வைத்தால் கணினியில் இடம்தான் போகும். நம் செயலி நம்பியிருக்கும் விதி எந்த எண்ணில் மாறியது என்று பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று செய்தால் போதும்.

நம் செயலி நம்பியிருப்பது இருப்பிட அனுமதியை. திரை அணைந்திருக்கும்போதும் இருப்பிடம் அறிவதற்கான தனி அனுமதி ஏபிஐ 29-இல் வந்தது. ஏபிஐ 30-இல் விதி இன்னும் இறுகியது. ஆகவே இந்த இரண்டும், கூடவே இப்போதைய புதுப் பதிப்பு ஒன்றும் வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் Device Manager பக்கத்தில் போன் மாதிரியைத் தேர்ந்து, பதிப்பைத் தேர்ந்து, பெயர் கொடுத்தால் எமுலேட்டர் தயார். கட்டளையாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு:

```
sdkmanager "system-images;android-30;google_apis;x86_64"
avdmanager create avd -n test30 -k "system-images;android-30;google_apis;x86_64"
emulator -avd test30
```

ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள கணினியில் `x86_64` இருக்கும் இடத்தில் `arm64-v8a` என்று போட வேண்டும்.

இப்போது செயலியை இரண்டிலும் திறந்து பாருங்கள். சாதாரண இருப்பிட அனுமதியையும் பின்னணி அனுமதியையும் நிரல் ஒரே மூச்சில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏபிஐ 29-இல் கேள்வி திரையில் வருகிறது, பயனர் சம்மதிக்கிறார், புள்ளி நகர்கிறது. ஏபிஐ 30-இல் அதே பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. கேள்வியும் வராது, பிழைச் செய்தியும் வராது. ஏபிஐ 30-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காக அறிவித்த செயலி இரண்டையும் சேர்த்துக் கேட்டால், ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தக் கோரிக்கையையே ஒதுக்கிவிடும். இரண்டில் ஒன்றைக்கூடத் தராது. முதலில் சாதாரண அனுமதி, அது கிடைத்த பிறகு தனியாகப் பின்னணி அனுமதி என்று கேட்டால்தான் வேலை நடக்கும். ஒரே போனை வைத்துச் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

பொய் இருப்பிடம்

அனுமதி சரியானதும் பையனை நகர்த்திப் பார்க்கலாம். எமுலேட்டரின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் Extended Controls திறக்கும். அதில் Location பகுதியில் ஓரிடத்தைக் குறிக்கலாம். ஜிபிஎக்ஸ் கோப்பு ஒன்றைக் கொடுத்து முழுப் பாதையையும் ஓட்டலாம். கட்டளை இது:

```
adb emu geo fix 80.27 13.08
```

இது சென்னை. எண்களின் வரிசையைக் கவனியுங்கள். பேச்சிலும் வரைபடத்திலும் நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். இந்தக் கட்டளைக்குத் தீர்க்கரேகைதான் முதலில் வேண்டும். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் பையன் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் நிற்பான். வரைபடம் நீலமாக மட்டும் தெரிந்தால் செயலியைச் சந்தேகிக்கும் முன் இந்த வரிசையைச் சரிபாருங்கள்.

மெதுவான இணைப்பு

அடுத்து மருந்துச் சீட்டின் படம். இணைப்பை இப்படிக் குறைக்கலாம்:

```
adb emu network speed 100:400
adb emu network delay 200:600
```

முதல் வரி, அனுப்பும் வேகத்தை நொடிக்கு 100 கிலோபிட்டாகவும் பெறும் வேகத்தை 400 ஆகவும் ஆக்குகிறது. இரண்டாவது வரி 200 முதல் 600 மில்லிநொடி வரை தாமதம் சேர்க்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் 2 எம்பி, அதாவது ஏறக்குறைய 16,000 கிலோபிட். நொடிக்கு 100 வீதம் அனுப்ப 160 நொடி ஆகும். செயலியோ 60 நொடி காத்திருந்துவிட்டு அனுப்புவதை நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறது என்றால் அந்தப் படம் என்றைக்கும் போய்ச்சேராது. டேட்டாவும் பேட்டரியும் தீர்ந்துகொண்டே இருக்கும். பயனருக்குத் தெரிவது சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வட்டம் மட்டுமே. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் அலுவலக இணைப்பில் இதே படம் அரை நொடிக்குள் போய்விடும். படத்தை 300 கேபிக்குச் சுருக்கினால், மெதுவான இணைப்பிலும் 24 நொடி போதும். எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டளை கொடுத்த பிறகும் வேகம் குறையவில்லை எனத் தோன்றினால், எமுலேட்டருக்குள் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சோதனை முடிந்ததும் `full`, `none` என்று கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

தீரும் பேட்டரி

பலர் தவறவிடும் இடம் இது. எமுலேட்டர் தொடக்கத்தில் சார்ஜரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அளவை 12 ஆக்கினாலும், சார்ஜரைக் கழற்றாதவரை ஆண்ட்ராய்டு பெரிதாகச் சிக்கனம் பிடிக்காது.

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys battery set level 12
```

இதன் பிறகு பேட்டரி சேமிப்பை இயக்கி, பாதையை ஓடவிட்டு, திரையை அணையுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல், பேட்டரி சேமிப்பு இயங்கும்போது திரை அணைந்தால் இருப்பிடச் சேவையும் நின்றுபோக வாய்ப்புண்டு. நின்றால் வாடிக்கையாளரின் வரைபடத்தில் புள்ளி ஒரே தெருவில் உறைந்துவிடும். பையன் வண்டியை நிறுத்திவிட்டான் என்றுதான் அவர் நினைப்பார். செயலி இங்கே நேர்மையாக இருக்க வேண்டும்: பழைய புள்ளியை நேரலைபோலக் காட்டாமல், "6 நிமிடம் முன்பு இங்கே இருந்தார்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மருந்துக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி மிகவும் தேவை. சோதனை முடிந்ததும் `adb shell dumpsys battery reset` கொடுத்தால் பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பும்.

நிலைமைகளை முதலில் ஒவ்வொன்றாகவும் பிறகு சேர்த்தும் சோதியுங்கள். மூன்றையும் ஒரேயடியாகப் போட்டால், செயலி எதனால் தடுமாறியது என்று தெரியாது.

எமுலேட்டர் சொல்லாதவை

100 கிலோபிட் என்று நாம் வைத்த வேகம் சோதனை முழுக்க அப்படியே இருக்கும்; நிஜ சிக்னல் பாலத்துக்கு அடியில் அறுந்து, வெளியே வந்ததும் ஒட்டிக்கொள்ளும். 12 சதவீதம் என்பது நாம் எழுதிய எண். நம் செயலி எவ்வளவு பேட்டரி தின்கிறது என்பதை அது சொல்லாது. போன் கம்பெனிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தாங்களாகச் சேர்க்கும் கெடுபிடிகளும் கூகுளின் எமுலேட்டரில் கிடையாது. அதனால் பட்டியலின் கடைசி வேலை, டெலிவரி பையன்கள் உண்மையில் வைத்திருக்கும் போன் ஒன்றில் செயலியைப் போட்டு, சார்ஜர் இல்லாமல் ஒரு நடை தெருவுக்குப் போய்வருவது. எமுலேட்டரில் பிடிக்கக்கூடிய பிழைகளை முன்கூட்டியே தீர்த்துவிட்டால், அங்கே தெருவில் மட்டுமே தெரியக்கூடிய பிழைகளில் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.